நாற்பது மூட்டை வித்தியாசம்

சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது எந்தத் தேதியில்? ஊரில் யாரைக் கேட்டாலும் 2022 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை என்பார்கள். கடைவீதிக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் வானிலை ஆய்வு மையத்தின் பட்டியலில் அந்த மழை நவம்பர் 12-ஆம் தேதிக் கணக்கில் இருக்கிறது. இரண்டுமே சரி. மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்ப்பார்கள். முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்ததெல்லாம் பார்த்த நாளின் தேதியில் பதிவாகும். வெள்ளிக்கிழமை இரவு பெய்த மழை சனிக்கிழமைக் கணக்கில் ஏறியது இப்படித்தான்.

ஊருக்குள் பேசும்போது இந்த ஒரு நாள் வித்தியாசம் யாருக்கும் பொருட்டில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் மேசைக்குப் போனால் அது ஒரு கேள்வியாகிவிடும். "இழப்பு நேர்ந்த தேதி 11 என்று படிவத்தில் எழுதியிருக்கிறீர்கள், மழை 12 என்று சான்று சொல்கிறது, விளக்கம் தேவை" என்று மின்னஞ்சல் வரும். நனைந்த கடையைக் கழுவிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அதைப் படித்தால் வயிறு கலங்கும். நம்மைப் பொய்யன் என்கிறார்களோ என்று தோன்றும். பலர் அங்கேயே மனம் விட்டுப் பதில் போடாமல் இருந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் கோபத்தில், செல்போனில் இருக்கும் எல்லாப் படங்களையும் ஒன்றாக அள்ளி அனுப்பிவிட்டு, "எல்லாம் அனுப்பியாச்சு" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். பதிலே போடாவிட்டால் ஃபைல் அப்படியே கிடக்கும். அள்ளி அனுப்பினால் மறுபடியும் கேள்வி வரும்.

டெல்டாவில் இன்சூரன்ஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பயிர்க் காப்பீடுதான். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் என்று பொதுச்சேவை மையத்தில் நின்ற அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அங்கே மகசூல் இழப்பு ஊர் அளவில், பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. தனி விவசாயிக்கு "இன்ன கணக்கைக் காட்டுங்கள்" என்று கடிதம் வருவது அபூர்வம். நெல் வயல் நீரில் மூழ்குவதைத் தனி வயல் இழப்பாகக் கணக்கெடுப்பதை 2018-இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 காரிப் பருவத்திலிருந்து அதைத் திரும்பச் சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. இனி வயல்காரர்களும் தனித்தனியாகப் படமும் தேதியும் காட்ட வேண்டியிருக்கும். கடைக்காரர்கள் எப்போதுமே அப்படித்தான். அவர்களுடைய இழப்பு அவர்களுடையது மட்டும், அதை அவர்களேதான் கணக்கில் நிறுவ வேண்டும்.

ஆகவே ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சீர்காழியில் ஓர் உரக்கடை. கடையும் மூட்டைக் கணக்கும் கம்பெனியின் மின்னஞ்சலும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. மழையும் சட்டமும் விதிகளும் உண்மை. உரக்கடையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நவம்பர் நடுவில் சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரம், யூரியாவும் பொட்டாஷும் குடோனில் அட்டி அட்டியாக இருக்கும். தண்ணீர் பட்டால் இவ்வளவு வேகமாகக் காணாமல் போகும் சரக்கு வேறில்லை. அரிசி மூட்டை நனைந்தால் அரிசி அங்கேயே இருக்கும். யூரியா கரைந்து ஓடிவிடும். வெறும் சாக்குதான் மிஞ்சும். அந்த வெறும் சாக்கை யாரும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதைத்தான் நான் எல்லா உரக்கடைக்காரர்களிடமும் முதலில் சொல்வேன். எத்தனை மூட்டை கரைந்தது என்பதற்கு எண்ணிப் பார்க்கக்கூடிய சாட்சி அது ஒன்றுதான்.

நம் கடையில் சரக்கு மரப்பலகைமேல் அட்டி போட்டிருந்தது. யூரியா 150 மூட்டை, அடுக்குக்குப் 15 வீதம் 10 அடுக்கு. டிஏபி 88 மூட்டை, அடுக்குக்கு 8 வீதம் 11 அடுக்கு. மூலையில் பொட்டாஷ் 25 மூட்டை. தண்ணீர் கீழ் நான்கு அடுக்கை மூடியது. யூரியாவில் 60, டிஏபியில் 32, பொட்டாஷ் 25-ம் போயின. கொள்முதல் விலை யூரியா 250, டிஏபி 1,300, பொட்டாஷ் 1,640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இழப்பு 15,000, 41,600, 41,000. மொத்தம் 97,600 ரூபாய். இழப்பீட்டை விற்பனை விலையில் கேட்கக் கூடாது. யூரியா மூட்டைக்கு 266.50 என்று அச்சிட்டிருந்தாலும் கடைக்காரர் இழந்தது தான் கொடுத்த பணத்தை மட்டுமே. இலாபத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

பாலிசியின் பெயர் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ஒரே மாதிரியான பாலிசி இது. வெள்ளமும் நீர் சூழ்வதும் இதில் அடங்கும். நம் கடைக்காரர் சரக்குக்கு எடுத்திருந்த காப்புத் தொகை 1,75,000 ரூபாய்.

நவம்பர் 12 இரண்டாம் சனிக்கிழமை. அடுத்த நாள் ஞாயிறு. வங்கி, அலுவலகம் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் கம்பெனியின் இலவச எண்ணுக்குச் சனிக்கிழமையே பேசிக் கிளைம் எண் வாங்கிக்கொண்டார். செவ்வாயன்று சர்வேயர் வந்து எண்ணினார், படம் எடுத்தார். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 19-ஆம் தேதி, கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் நான்கு கேள்விகள். தேதி வித்தியாசம் ஒன்று. இழப்பு நாளன்று மொத்தச் சரக்கு எவ்வளவு, அதற்கு ஆதாரம் என்ன என்பது இரண்டாவது. பிஓஎஸ் மெஷினில் டிஏபி 48 மூட்டைதான் இருக்கிறது, நீங்கள் 88 என்கிறீர்கள், ஏன் என்பது மூன்றாவது. நான்காவது, உள்ளீட்டு வரி வரவையும் நனைந்த சரக்கையும் என்ன செய்தீர்கள் என்பது.

பலர் கோபப்படுவது இரண்டாவது கேள்விக்குத்தான். "நனைந்ததைக் கேட்டால் சரி, நனையாத மூட்டையைப் பற்றி இவர்களுக்கு என்ன?" என்பார்கள். காரணம் இருக்கிறது. காப்புத் தொகை மொத்தச் சரக்குக்கு எடுத்தது. சரக்கு இரண்டு லட்சத்துக்கு இருந்து, ஒரு லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், பாதி ஆபத்தைக் கடைக்காரரே சுமந்தார் என்று பொருள். அப்போது இழப்பிலும் பாதிதான் கிடைக்கும். இந்தச் சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக எடுத்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். நம் கடையில் மொத்தச் சரக்கின் மதிப்பு, யூரியா 37,500, டிஏபி 1,14,400, பொட்டாஷ் 41,000 சேர்த்து 1,92,900 ரூபாய். பாலிசி 1,75,000. குறைவு 17,900, அதாவது 9 சதவீதத்துக்குச் சற்றுமேல். ஆகவே வெட்டு இல்லை. இதே கடையில் பாலிசி 1,50,000 ரூபாய்க்கு இருந்திருந்தால் குறைவு 22 சதவீதம். 97,600 ரூபாய் இழப்புக்கு ஏறக்குறைய 75,900 ரூபாய்தான் தேறியிருக்கும். இதோடு, பாலிசியில் எழுதியுள்ள எக்ஸஸ் தொகையையும் எந்த நிலையிலும் கழிப்பார்கள்.

இதனால்தான் சர்வேயர் வரும்போது நனைந்த மூட்டையை மட்டும் எண்ணிவிட்டுப் போகவிடக் கூடாது. காய்ந்த மூட்டையையும் எண்ணச் சொல்லி, அந்தப் பட்டியலில் இருவரும் கையெழுத்திட வேண்டும். எண்ணி முடியும்வரை ஒரு மூட்டையைக்கூட விற்கவும் கூடாது. உரம் கேட்டு விவசாயிகள் வாசலில் நிற்கும் நேரத்தில் இது கடினம்தான். ஆனால் விற்ற பிறகு அந்த எண்ணிக்கையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நம் கடைக்காரர் மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. சர்வேயரின் பட்டியலில் டிஏபி நனைந்தது 32, காய்ந்தது 56, ஆக 88 என்று பதிவானது. மூன்றாவது கேள்விக்கான பதிலில் பாதி அன்றே கிடைத்துவிட்டது.

மீதிப் பாதியைப் பார்ப்போம். உர மானியம் 2018 மார்ச்சுக்குள் நாடு முழுக்கப் பிஓஎஸ் மெஷின் வழியாக மாறியது. விவசாயியின் கைரேகையோடு விற்றால் மெஷினில் இருப்பு குறையும். அது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது வரவுப் பக்கத்தை. கம்பெனி லோடு அனுப்பினால் அது தானாக மெஷினில் இருப்பாகிவிடாது. கடைக்காரர் மெஷினில் 'சரக்கு பெற்றேன்' என்று ஒப்புக்கொண்ட பிறகே ஏறும். நம் கடைக்கு நவம்பர் 9 மாலை 40 மூட்டை டிஏபி வந்தது. இறக்கி அடுக்கி முடிக்கையில் இரவு. மறுநாள் கூட்டம், அதற்கு மறுநாள் மழை. ஒப்புதல் போடவே இல்லை. மாதத் தொடக்கத்தில் 60 மூட்டை, 3-ஆம் தேதி வந்தது 60, விற்றது 72. மெஷின் கணக்கில் மிச்சம் 48. சரக்குப் பதிவேட்டில் 9-ஆம் தேதி வந்த 40-ம் ஏறியிருந்ததால் 88. வித்தியாசம் சரியாக 40.

இந்த இடத்தில் தவறான ஆலோசனை சொல்வோர் உண்டு. "மெஷின் சொல்லும் 48 என்றே எழுதிவிடு, மொத்தச் சரக்கும் குறைவாகத் தெரியும், காப்புத் தொகை போதவில்லை என்ற பேச்சே வராது" என்பார்கள். நான் இதை முழுமூச்சாக எதிர்ப்பேன். சர்வேயரின் பட்டியலில் 88 இருக்கிறது. 48 என்று எழுதினால் சொந்தக் கையெழுத்தே சொந்தக் கடிதத்தை மறுக்கும். அதன்பிறகு மீதி எல்லாக் கணக்கையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். வித்தியாசத்தை நாமே முதலில் எடுத்துச் சொல்லி, ஏன் வந்தது என்று காகிதத்தோடு காட்டினால் அது ஒரு சாதாரணத் தாமதமாக முடிந்துவிடும்.

காட்ட வேண்டியவை மூன்று. 9-ஆம் தேதியிட்ட கொள்முதல் பில். லாரிக்காரரிடம் சரக்கு இறக்கியதற்குக் கையெழுத்திட்ட டெலிவரி சலான். பின்னர் நவம்பர் 17 அன்று மெஷினில் ஒப்புதல் போட்டபோது வந்த பதிவு. மூன்றிலும் ஒரே பில் எண்ணும் 40 என்ற எண்ணிக்கையும் இருக்க வேண்டும். அந்தப் பில் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு ஸ்கேன் செய்தால் கம்பெனியில் படிப்பவருக்குத் தேடும் வேலை இல்லை. இது சின்ன விஷயம்தான், ஆனால் ஃபைல் நகர்வது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான்.

நான்காவது கேள்வியில் வரி ஒரு தனிக்கதை. உரத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. வாங்கியபோது கட்டியதைக் கடைக்காரர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருப்பார். சரக்கு அழிந்துபோனால் அந்த வரவு அவருக்கு உரியதல்ல என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு. 97,600-க்கு 5 சதவீதம் 4,880 ரூபாய். அதை மாதக் கணக்கில் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டால் அந்த 4,880-ம் அவருக்கு நேர்ந்த இழப்புதான். ஆனால் காப்புத் தொகையை வரியோடு சேர்த்துக் கணக்கிட்டிருந்தார்களா என்பதைப் பொறுத்தே கம்பெனி அதைத் தரும். திருப்பாமல் கேட்டால் கட்டாயம் தராது. எனவே கடிதத்தில் இரண்டு தொகையையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுவது நல்லது. ஆடிட்டரிடம் ஒரு பக்கச் சான்று வாங்கிவிட வேண்டும்.

நனைந்த சரக்கைப் பற்றிய கேள்விக்குப் பின்னாலும் ஒரு கணக்கு உண்டு. மிஞ்சியதை விற்றால் வரும் பணத்தைக் கழித்துக்கொண்டே கம்பெனி தரும். நனைந்த டிஏபியைப் பாதி விலைக்கு அக்கம்பக்கத்து விவசாயிக்குக் கொடுத்துவிடலாமே என்று அங்கே ஒருவர் நினைக்கலாம். முடியாது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை உரத்துக்கு ஈரப்பதத்தில் உச்சவரம்பு வைத்திருக்கிறது. யூரியாவில் அது நூற்றுக்கு ஒன்று. தரம் கெட்ட உரத்தை விவசாயிக்கு விற்கவே கூடாது. மூட்டைமேல் சிவப்பு எழுத்தில் தரமற்றது என்று எழுதி, பெருக்கல் குறி போட்டு, உரிய அதிகாரியின் அனுமதி பெற்று, கலப்பு உரம் தயாரிப்பவருக்கோ அரசு அல்லது பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பண்ணைக்கோதான் கொடுக்கலாம். இதைக் கம்பெனியின் அதிகாரிக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் துணிக்கடை, மளிகைக்கடைக் கிளைம்களைப் பார்த்துப் பழகியவர்.

படங்கள் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த நேரம், இடம் பற்றி உள்ளே பதிந்திருக்கும் தகவலும் போய்விடும். போனில் இருக்கும் மூலப் படத்தையே மின்னஞ்சலில் இணைக்க வேண்டும். அறுபது படம் தேவையில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்து எடுத்த படம் ஒன்று, அட்டி ஒவ்வொன்றுக்கும் முன்புறமும் பக்கவாட்டும், வெறும் சாக்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்த படம் ஒன்று. எட்டுப் படத்துக்குள் எல்லாம் சொல்லிவிடலாம்.

இனிக் கடிதம். கம்பெனியின் மின்னஞ்சல் ஆங்கிலத்தில் வந்திருக்கும். அதற்கான பதிலைப் புதிய மின்னஞ்சலாகத் தொடங்காமல் வந்த மின்னஞ்சலிலேயே 'ரிப்ளை' கொடுத்து எழுத வேண்டும். பொருள் வரியில் உள்ள கிளைம் எண்ணை மாற்றக் கூடாது. சர்வேயருக்கும் நகல் போக வேண்டும். உடல் இப்படி இருக்கலாம்:

மதிப்பிற்குரிய இழப்பீட்டுப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். 19.12.2022 தேதியிட்ட தங்கள் மின்னஞ்சலில் கேட்ட நான்கு விவரங்களுக்கும் கீழே பதில் தந்துள்ளேன். இணைப்பு எண்களை அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

தேதி: மழை 11.11.2022 அன்று பெய்து, இரவில் என் கடைக்குள் நீர் புகுந்தது. வானிலை ஆய்வு மையம் 11-ஆம் தேதி காலை 8.30 முதல் 12-ஆம் தேதி காலை 8.30 வரையிலான மழையை 12.11.2022 தேதியில் பதிவு செய்கிறது. படிவத்திலும் பதிவிலும் உள்ளது ஒரே மழைதான். (இணைப்பு 1, 2)

மொத்தச் சரக்கு: 11.11.2022 அன்று யூரியா 150, டிஏபி 88, பொட்டாஷ் 25 மூட்டை. கொள்முதல் விலையில் மதிப்பு ரூ.1,92,900. 15.11.2022 அன்று சர்வேயர் எண்ணியதும் இதே எண்ணிக்கை. அதுவரை விற்பனை எதுவும் செய்யவில்லை. (இணைப்பு 3, 4, 5)

டிஏபி வித்தியாசம்: பிஓஎஸ் இருப்பு 48, பதிவேட்டு இருப்பு 88. வித்தியாசமான 40 மூட்டை 09.11.2022 அன்று வந்த லோடு. வெள்ளத்துக்கு முன் மெஷினில் ஒப்புதல் போட இயலவில்லை. 17.11.2022 அன்று ஒப்புதல் போடப்பட்டது. மூன்று ஆவணத்திலும் பில் எண்ணை வட்டமிட்டிருக்கிறேன். (இணைப்பு 6, 7, 8)

வரியும் நனைந்த சரக்கும்: சரக்கு இழப்பு ரூ.97,600, ஜிஎஸ்டி நீங்கலாக. எடுத்திருந்த வரி வரவு ரூ.4,880-ஐ நவம்பர் மாதக் கணக்கில் திருப்பிவிட்டேன். அத்தொகையைத் தனியாகக் கோருகிறேன். நனைந்த உரம் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விவசாயிகளுக்கு விற்கத் தகாதது. வேளாண்மைத் துறைக்குத் தெரிவித்திருக்கிறேன். சரக்கையும் வெறும் சாக்குகளையும் தனியே வைத்திருக்கிறேன். தாங்கள் பார்வையிடவோ எடுத்துக்கொள்ளவோ ஆட்சேபம் இல்லை. (இணைப்பு 9, 10, 11)

இணைப்புகள்:
1. மழை அளவு, வானிலை ஆய்வு மையப் பதிவு, 12.11.2022 — 1 பக்கம்
2. கடை இருக்கும் தெருவில் நீர் புகுந்ததற்கு வருவாய்த் துறைச் சான்று — 1 பக்கம்
3. சரக்குப் பதிவேடு, 01.11.2022 முதல் 11.11.2022 வரை — 3 பக்கம்
4. நவம்பர் கொள்முதல் பில்கள் — 4 பக்கம்
5. சர்வேயரும் நானும் கையெழுத்திட்ட எண்ணிக்கைப் பட்டியல் — 1 பக்கம்
6. 09.11.2022 டிஏபி பில் — 1 பக்கம்
7. அதே லோடின் டெலிவரி சலான் — 1 பக்கம்
8. பிஓஎஸ் மெஷினின் இருப்பு அறிக்கை, ஒப்புதல் பதிவு — 2 பக்கம்
9. ஆடிட்டர் சான்றும் நவம்பர் ஜிஎஸ்டி கணக்கும் — 3 பக்கம்
10. வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம், பெற்ற முத்திரையுடன் — 1 பக்கம்
11. படங்கள் — 8

அசல் ஆவணங்கள் என்னிடம் உள்ளன. எப்போது வேண்டுமானாலும் காட்டத் தயார். இவற்றுக்கு மேல் ஏதேனும் தேவையென்றால் அனைத்தையும் ஒரே மின்னஞ்சலில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இம்மின்னஞ்சல் கிடைத்ததை உறுதிசெய்து பதில் அனுப்பவும்.

இவ்வளவுதான். இதில் தங்கை கல்யாணம், வங்கிக் கடன், ஊரே மூழ்கியது என்று எதையும் எழுதவில்லை. அவை உண்மையாகவே இருக்கலாம், கேட்பவர் மனமும் இளகலாம். ஆனால் பணத்துக்குக் கையெழுத்திடும் அதிகாரிக்கு அவருடைய மேலதிகாரியும் தணிக்கையாளரும் கேட்கும் கேள்விக்குக் காட்டத் தாள் வேண்டும். பக்க எண்ணிக்கையை எழுதியது எதற்கென்றால், இணைப்பு 3-இல் இரண்டு பக்கம்தான் திறந்தது என்று நாளை அவர்கள் சொன்னால் குறை எங்கே என்று இருவருக்கும் தெரியும்.

கோப்புகளுக்கும் அதே எண்ணைப் பெயராக வைக்க வேண்டும். `IMG-20221112-WA0043.jpg` என்று கிடந்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. `06_DAP_Bill_09Nov2022.pdf` என்றால் திறக்காமலேயே தெரியும். ஜிமெயிலில் ஒரு மின்னஞ்சலுக்கு 25 எம்பி வரைதான் இணைக்கலாம். கூடினால் அது தானாக டிரைவ் இணைப்பாக மாறிவிடும், பல கம்பெனிகளின் கணினியில் அந்த இணைப்பு திறக்காது. அதனால் ஆவணங்களை ஒரு மின்னஞ்சலிலும் படங்களை இன்னொன்றிலும் பிரித்து, "1/2", "2/2" என்று குறித்து அனுப்புவது மேல். ஸ்கேன் கடையில் கொடுத்தால் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பென்சில் எழுத்தும் ரப்பர் முத்திரையும் அப்போதுதான் தெரியும்.

அனுப்பிய பிறகு காத்திருக்கும் காலத்துக்கும் எல்லை உண்டு. 2022-இல் நடப்பில் இருந்த விதிப்படி சர்வேயரை 72 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும், அவர் 30 நாளில் அறிக்கை தர வேண்டும், இறுதி அறிக்கை வந்த 30 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இப்போது அது சுருங்கியிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைகளின்படி சர்வேயர் நியமனம் 24 மணி நேரத்தில், அறிக்கை 15 நாளில், அதன்பின் முடிவு 7 நாளில். அதே ஆண்டு ஜூனில் வந்த பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. ஆவணம் போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கிளைமையும் நிராகரிக்கக் கூடாது, தேவையானதையும் சம்பந்தப்பட்டதையும் மட்டுமே கேட்க வேண்டும். ஆனால் கேட்கத் தக்கவை என்று அதே சுற்றறிக்கை எடுத்துச் சொல்லும் ஆவணங்களில் கணக்குப் புத்தகமும் சரக்குப் பதிவேடும் இருக்கின்றன. அதாவது, கிளைம் படிவத்தோடு உங்கள் பாட்டனார் சொத்துப் பத்திரத்தைக் கேட்டால் மறுக்கலாம். பதிவேட்டைக் கேட்டால் மறுக்க முடியாது.

பதில் வராவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். 30 நாளில் தீர்வு இல்லையென்றாலும், தந்த தீர்வு ஏற்க முடியாததாக இருந்தாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். குறுந்தொழில் நடத்துபவர்களும் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் இழப்பீடு வழங்க உத்தரவிட முடியும். அங்கே அவர் முதலில் பார்க்கப்போவது, டிசம்பர் 19-இல் கம்பெனி என்ன கேட்டது, அதற்கு நீங்கள் என்ன இணைத்து அனுப்பினீர்கள் என்பதைத்தான். மேலே உள்ள அந்த மின்னஞ்சலை அப்படியே அச்செடுத்து, இணைப்புகளை 1 முதல் 11 வரை அதே வரிசையில் பின் செய்து வைத்தால் போதும், புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை.